ஆறு மணியா, பத்து மணியா?

இரவு பத்து மணிக்கு நன்றாகச் சாப்பிட்டுப் படுத்தவர், காலை ஆறு மணிக்கு எழுந்தால் வலது கையைத் தூக்க முடியவில்லை. பேச்சும் குழறுகிறது. வீட்டார் 108-ஐக் கூப்பிட்டு, ஏழு பத்துக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறார்கள். அந்த ஆஸ்பத்திரி தன்னிடம் வரும் பக்கவாத நோயாளிகளுக்கென்று எக்செல்லில் ஒரு பதிவேடு வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் ‘பாதிப்பு தொடங்கிய நேரம்’ என்று ஒரு பத்தி இருக்கிறது. கேஷுவாலிட்டி நர்ஸ் நிரப்பினால் அதில் 6:00 என்று போடுவார். எழுந்தபோதுதான் பார்த்தோம் என்று வீட்டார் சொல்கிறார்கள் அல்லவா. பணி டாக்டர் நிரப்பினால் 22:00 என்று போடுவார். விட்டுப்போன கட்டங்களை வாரக் கடைசியில் கேஸ் ஷீட்டைப் பார்த்து நிரப்புகிற எழுத்தர், ‘தூக்கத்தில் வந்தது, நேரம் தெரியாது’ என்ற குறிப்பைப் படித்துவிட்டுக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுவார். மூவருமே தங்களுக்குத் தெரிந்த உண்மையைத்தான் எழுதுகிறார்கள்.

மூளையின் ரத்தக்குழாயில் அடைத்திருக்கும் கட்டியைக் கரைக்கிற ஊசியை, வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். நர்ஸ் எழுதியபடி கணக்குப் பார்த்தால் இந்த நோயாளி ஒரு மணி பத்து நிமிடத்தில் வந்துவிட்டார். ஊசி போடாதது ஆஸ்பத்திரியின் தவறு. டாக்டர் எழுதியபடி பார்த்தால் ஒன்பது மணி பத்து நிமிடம் ஆகிவிட்டது, போடாததுதான் சரி. எழுத்தர் எழுதியபடி அவர் கணக்கிலேயே வரமாட்டார். ஆண்டு முடிவில் ‘நேரத்தோடு வந்தவர்களில் எத்தனை பேருக்கு ஊசி போட்டோம்’ என்று கேட்டால், அன்றன்றைக்கு யார் கையில் கீபோர்டு இருந்தது என்பதைப் பொறுத்து விடை மாறும்.

பக்கவாத மருத்துவத்தில் இதற்கு ஏற்கெனவே விடை உண்டு. தொடங்கிய நேரம் தெரியாதபோது, நோயாளி கடைசியாக நன்றாக இருந்தார் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய நேரத்தையே தொடக்கமாக எடுத்துக்கொள்வார்கள். அப்படியானால் 22:00. ஆனால் இன்னொரு கேள்வியையும் கேட்க வேண்டும்: இடையில் எழுந்தாரா? விடியற்காலை மூன்று மணிக்கு அவர் பாத்ரூம் போய்விட்டு வந்தார், நன்றாக நடந்தார், தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார் என்று மனைவி சொன்னால் நேரம் 3:00 ஆகிவிடும். ஏழு பத்துக்கு வந்தவருக்கு இன்னும் இருபது நிமிடம் மிச்சம் இருக்கிறது. (எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து, தூக்கத்தில் வந்த பக்கவாதத்துக்கும் இந்த ஊசி போடும் மையங்கள் உண்டு. அங்கும் இந்த நேரத்தைக் குறித்தே ஆக வேண்டும்.)

இவ்வளவையும் ஒரு பத்தியின் தலைப்பில் எழுத முடியாது. அதை எழுதி வைக்கும் இடம்தான் தரவு அகராதி. பதிவேட்டுக் கோப்பிலேயே தனி ஷீட்டாக அது இருக்கும். பதிவேட்டின் ஒவ்வொரு பத்திக்கும் அதில் ஒரு குறிப்பு உண்டு. நம் நோயாளியின் நேரத்துக்கான குறிப்பு இப்படி இருக்கலாம்:

```
பத்தியின் பெயர் : lkw_datetime
பொருள்        : கடைசியாக நன்றாக இருந்தது உறுதியாகத்
                தெரிந்த தேதியும் நேரமும்
வடிவம்        : yyyy-mm-dd hh:mm (24 மணி)
எங்கிருந்து    : 1. பணி டாக்டரின் குறிப்பு
                2. கேஷுவாலிட்டி தாள்
                3. 108 தாள்
தூக்கத்தில் வந்தால்: படுத்த நேரம்; இடையில் எழுந்து
                நன்றாக இருந்தால் அந்த நேரம்
தெரியாவிட்டால்: வெறுமையாக விட்டு lkw_status = 2
```

இதில் பலரும் எழுத மறப்பது ‘எங்கிருந்து’ என்ற வரி. ஒரே கேஸ் ஷீட்டுக்குள் மூன்று தாளில் மூன்று நேரம் இருப்பது சாதாரணம். எந்தத் தாளை முதலில் நம்புவது என்று முன்கூட்டியே தீர்மானிக்காவிட்டால், ஒவ்வொருவரும் கையில் முதலில் கிடைத்த தாளைப் பார்த்து எழுதுவார்கள்.

அகராதியின் தலையில், எல்லாப் பத்திகளுக்கும் முன்பாக, ஒரு வரிசை என்றால் என்ன என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு நோயாளியா, ஒரு அட்மிஷனா? ஜனவரியில் வந்தவர் செப்டம்பரில் மறுபடி பக்கவாதத்தோடு வந்தால், ஒருவர் பழைய வரிசையைத் தேடித் திருத்துவார், இன்னொருவர் புது வரிசை போடுவார். ‘ஒரு அட்மிஷனுக்கு ஒரு வரிசை, ஐ.பி. நம்பர் இரண்டு முறை வரக்கூடாது’ என்று எழுதிவிட்டால் அந்தக் குழப்பம் அதோடு தீர்ந்தது.

அடுத்த தொல்லை வெறுமையான கட்டம். பக்கவாதத்தின் தீவிரத்தை 0 முதல் 42 வரை போகும் என்.ஐ.எச். அளவுகோலில் அளப்பார்கள். இதில் 0 என்பது உண்மையான மதிப்பெண். அளந்து பார்த்தும் குறை எதுவும் தென்படவில்லை என்று பொருள். அளக்காமல் விட்டவருக்கும் யாராவது 0 போட்டுவிட்டால், மோசமான நிலையில் வந்த நோயாளி காகிதத்தில் நலமாகிவிடுவார். இதைத் தவிர்க்கிறேன் என்று ‘தெரியாது’ என்பதற்கு 99 போடுவது பல இடங்களில் வழக்கம். ஐந்து பேரின் மதிப்பெண் 4, 6, 8, 10, 12 என்றால் சராசரி 8. கடைசி ஆளுடையது தெரியாமல் 99 போட்டால் சராசரி 25.4 ஆகிவிடும். எக்செல்லுக்கு அது தொண்ணூற்றொன்பதுதான். எண் வரும் பத்தியில் எண் மட்டும் இருக்கட்டும், இல்லையென்றால் வெறுமையாகவே இருக்கட்டும். வெறுமைக்குக் காரணம் பக்கத்துப் பத்தியில் இருக்கட்டும் என்பதுதான் என் கட்சி. `nihss_status` என்ற அந்தப் பத்தியில் 1 என்றால் அளந்தது, 2 என்றால் அளக்கவில்லை, 3 என்றால் அளந்திருக்கிறார்கள் ஆனால் கேஸ் ஷீட்டில் மதிப்பெண் இல்லை. இரண்டும் மூன்றும் வேறு வேறு குறை. முதலாவதை வார்டில் சரி செய்ய வேண்டும், அடுத்ததைக் கேஸ் ஷீட் எழுதுவதில்.

தேதி விஷயத்தில் எதிரி மனிதரில்லை, கம்ப்யூட்டரின் அமைப்பு. எக்செல் தேதியை உள்ளே ஒரு எண்ணாகத்தான் வைத்திருக்கிறது. 1900 ஜனவரி 1-ஐ 1 என்று தொடங்கி எண்ணிக்கொண்டே வருகிறது. அமெரிக்க முறையில் அமைந்த கம்ப்யூட்டரில் 05/03/2024 என்று அடித்தால், நாம் நினைத்த மார்ச் 5 மே 3 ஆக உள்ளே போய்விடும். 25/03/2024 என்று அடித்தால் இருபத்தைந்தாவது மாதம் கிடையாது என்பதால் அதை வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். இரண்டாவது பிழை கண்ணுக்குத் தெரியும். எழுத்து கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும், தேதி வலப்பக்கம் நிற்கும். முதல் பிழை சத்தமில்லாதது. மார்ச் 5-இல் சேர்ந்தவர் மார்ச் 10-இல் வீட்டுக்குப் போனதை, சரியாக அமைந்த வேறொரு கம்ப்யூட்டரில் பதிந்திருந்தால், அவர் ஆஸ்பத்திரியில் இருந்தது மைனஸ் 54 நாள் என்று காட்டும். இப்படி மைனஸ் வந்தால் அதிர்ஷ்டம். பிழை இருப்பதாவது தெரிந்துவிடுகிறது. எந்தக் கம்ப்யூட்டரானாலும் 2024-03-05 என்று ஆண்டை முதலில் வைத்து அடிப்பது என்று விதி வைத்தால் இந்தக் குழப்பம் வராது. மரபணு ஆராய்ச்சியாளர்களே இதில் தோற்றுப்போனவர்கள்தான். SEPT1, MARCH1 போன்ற மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், 2020-இல் அந்தப் பெயர்களையே SEPTIN1, MARCHF1 என்று மாற்றிக்கொண்டார்கள்.

நேரத்தை எப்போதும் தேதியோடு சேர்த்து ஒரே கட்டத்தில் எழுதச் சொல்வதற்குக் காரணம் நள்ளிரவு. 23:50-க்கு வாசலில் வந்தவருக்கு 00:35-க்கு ஊசி போட்டார்கள் என்றால் 45 நிமிடம். நேரத்தை மட்டும் எழுதிக் கழித்தால் மைனஸ் 1395 நிமிடம் வரும். தேதியும் சேர்ந்திருந்தால் கீழே உள்ள சூத்திரம் 45 என்று சரியாகச் சொல்லும்:

```
=(needle_datetime - door_datetime)*1440
```

(இரண்டு பெயர்களின் இடத்திலும் அந்தந்தக் கட்டத்தின் எண் வரும். 1440 என்பது ஒரு நாளின் நிமிடங்கள்.)

சர்க்கரை நோய் என்ற பத்திக்கு வருவோம். பலர் நிரப்பிய பதிவேட்டைத் திறந்தால் `DM`, `T2DM`, `k/c/o DM`, `sugar +`, `Yes` எல்லாம் அதில் இருக்கும். `DM` என்பதற்குப் பின்னால் தெரியாமல் ஒரு இடைவெளி விழுந்திருந்தால், `DM` எத்தனை என்று எக்செல்லை எண்ணச் சொல்லும்போது அது விட்டுப்போகும். 1, 0 என்று இரண்டே குறியீடு வைத்து, கட்டத்தில் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் வசதியைப் போட்டுவிட்டால் எழுத்து ஒழுங்காகிவிடும். பொருள் ஒழுங்காகாது. பக்கவாதம் வந்த அதிர்ச்சியில் சர்க்கரை நோய் இல்லாதவருக்கும் ரத்தச் சர்க்கரை ஏறும். வரும்போது 210 இருந்தது என்று ஒருவர் 1 போடுவார். இதற்கு முன் மாத்திரை எதுவும் சாப்பிட்டதில்லை என்று இன்னொருவர் 0 போடுவார். ‘இந்த அட்மிஷனுக்கு முன்பே டாக்டர் சொல்லியிருந்தால், அல்லது மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டிருந்தால் 1. வரும்போது இருந்த அளவை வைத்து முடிவு செய்யக்கூடாது. அதற்கு `glucose_adm` பத்தி இருக்கிறது’ என்று அகராதி சொன்னால்தான் இருவரும் ஒன்றாக எழுதுவார்கள்.

பட்டியல் வசதியை முழுதாக நம்பவும் கூடாது. எக்செல் அதைக் கையால் அடிக்கும்போது மட்டும்தான் சரிபார்க்கிறது. வேறு ஷீட்டிலிருந்து காப்பி செய்து ஒட்டினால் தவறான மதிப்பும் உள்ளே வந்துவிடும். சாதாரணமாக ஒட்டும்போது அந்தக் கட்டத்தின் விதியே அழிந்துபோகவும் கூடும். விதி மிச்சமிருக்கும் கட்டங்களில் `Circle Invalid Data` என்ற வசதி தவறானவற்றைச் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டும். வாரம் ஒருமுறை ஒருவர் அதை ஓட்டிப் பார்த்தால் போதும்.

அகராதி சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. டிஸ்சார்ஜ் ஆன பத்து கேஸ் ஷீட்டுகளை எடுத்து, இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கொடுத்து, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் நிரப்பச் சொல்ல வேண்டும். பிறகு கட்டம் கட்டமாக ஒப்பிட வேண்டும். ஐ.பி. நம்பரிலும் வயதிலும் வரும் வித்தியாசம் பெரும்பாலும் கைத்தவறு. ஆனால் ஒரே பத்தியில் மூன்று நான்கு பேருக்கு வித்தியாசம் வந்தால், அந்த இருவரையும் கடிந்துகொண்டு பயனில்லை. அந்தப் பத்தியின் குறிப்பை மாற்றி எழுத வேண்டும். இதை முதல் நாளே செய்துவிடுவது நல்லது. ஐந்நூறு வரிசை சேர்ந்தபின் கண்டுபிடித்தால் ஐந்நூறு கேஸ் ஷீட்டையும் எம்.ஆர்.டி.யிலிருந்து மறுபடி வரவழைக்க வேண்டியிருக்கும்.

அப்படி விதியை மாற்றும்போது பழைய குறியீட்டுக்குப் புதுப் பொருள் கொடுக்கக்கூடாது. அளக்கவில்லை என்று இருந்த 2-ஐ ‘நோயாளி ஒத்துழைக்கவில்லை’ என்று மாற்றினால், பழைய வரிசைகளெல்லாம் ஓர் இரவில் வேறு ஏதோ சொல்ல ஆரம்பிக்கும். புதுப் பொருளுக்கு 4 என்று புது எண் கொடுக்கலாம். என்ன மாறியது, எந்தத் தேதியிலிருந்து, யார் சொல்லி என்று அகராதியின் கடைசியில் ஒரு வரி எழுத வேண்டும். ஒவ்வொரு வரிசையிலும் `dict_version` என்று ஒரு பத்தி வைத்து, அது எந்தப் பதிப்பின்படி நிரப்பப்பட்டது என்றும் குறிக்க வேண்டும். சர்க்கரை நோய்க்கான விதி ஜூலை 1-இல் மாறியது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டறிக்கை எழுதுபவர், ஜூலைக்குப் பிறகு சர்க்கரை நோயாளிகள் குறைந்ததைப் பார்த்துக் காரணம் தேடிக் குழம்புவதற்கு முன் அந்த வரியைப் பார்த்துவிடுவார். முந்தைய ஆறு மாதத்தைப் புது விதிப்படி திருத்த ஆள் இல்லையென்றால், ஜூன் வரைக்கும் ஒரு எண், ஜூலையிலிருந்து ஒரு எண் என்று அறிக்கையில் தனித்தனியாகவே போட வேண்டியதுதான்.