சித்தப்பா என்ற பெயரில் இன்னொருவர்

போன பொங்கலன்று காலை சித்தப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் வாழ்த்து அனுப்பினேன். அரை மணி நேரத்தில் பதில் வந்தது: "நீங்க யாரு?" சித்தப்பா விளையாடுகிறார் என்று நினைத்து, "உங்க அண்ணன் பையன்தான்" என்று எழுதினேன். "எனக்கு அண்ணனே கிடையாதுங்க" என்றது மறுமுனை. அப்போதுதான் படத்தைப் பார்த்தேன். வேட்டி சட்டையில் கோயில் வாசலில் நின்ற சித்தப்பாவைக் காணோம். ஒரு புல்லட் வண்டி நின்றுகொண்டிருந்தது. ஆனால் அதற்குப் பக்கத்தில் பெயர் என்னவோ "சித்தப்பா" என்றுதான் இருந்தது.

நடந்தது இதுதான். சித்திரையில் சித்தப்பா புதுப் போன் வாங்கினார், கூடவே புது சிம்மும். கடைப் பையன் புது எண்ணிலேயே வாட்ஸ்அப் போட்டுக் கொடுத்துவிட்டான். பழைய எண்ணுக்கு அதன்பிறகு யாரும் ரீசார்ஜ் செய்யவில்லை. துண்டிக்கப்பட்ட எண்ணைக் குறைந்தது 90 நாள் வேறொருவருக்குக் கொடுப்பதில்லை என்று டிராய் 2023-இல் உச்ச நீதிமன்றத்தில் சொல்லியிருக்கிறது. 90 நாள் கழிந்தால் கொடுக்கலாம் என்பதும் அதில் அடக்கம். தைக்குள் அந்த எண் புல்லட்காரர் கைக்குப் போய்விட்டது.

அப்படியானால் பெயர் ஏன் மாறவில்லை? சாட்டின் தலையில் நாம் பார்க்கும் பெயர் வாட்ஸ்அப் வைத்ததல்ல, எதிராளி வைத்ததும் அல்ல. நம் போனின் தொடர்புப் பட்டியலில் நாமே எழுதி வைத்தது. அந்த எண்ணுக்கு நேரே நாம் "சித்தப்பா" என்று எழுதியிருக்கும் வரை, எண் யாரிடம் இருந்தாலும் அவர் நமக்குச் சித்தப்பாதான்.

எதிராளி தனக்கு வைத்துக்கொள்ளும் பெயர் வேறு. 25 எழுத்துக்குள் என்ன வேண்டுமானாலும் வைக்கலாம், ஒரு நாளைக்கு நாலு தடவை மாற்றினாலும் கேட்க ஆளில்லை. நாம் சேமித்து வைத்திருப்பவர் அதை மாற்றினால் நம் சாட்டில் ஒன்றுமே தெரியாது. சேமிக்காத எண் என்றால் மட்டும், குழுவில் எண்ணோடு சேர்ந்து ~ என்ற நெளிகோடு போட்டு அந்தப் பெயர் வரும். நேற்று "~ கணேஷ்" என்று இருந்தவர் இன்று "~ ஸ்ரீ" ஆகிவிட்டால் குழுவில் அறிவிப்பு எதுவும் விழாது. அடுக்கக வாட்ஸ்அப் குழுவில் தண்ணீர் லாரிச் சண்டை போட்டவர் யார் என்று மறுநாள் தேடிப்பார்த்தவர்களுக்கு இந்த அவஸ்தை தெரியும். நெளிகோட்டைப் பார்த்தால், "இது அவராகச் சொல்லிக்கொள்ளும் பெயர், நான் பொறுப்பில்லை" என்று வாட்ஸ்அப் கைகழுவுவதாக எடுத்துக்கொள்ளலாம்.

எண்ணை முறைப்படி மாற்றினால் கதை வேறு. Settings, அதற்குள் Account, அதற்குள் Change number. பழைய எண், புது எண் இரண்டையும் அங்கே கொடுக்க வேண்டும். புது எண்ணுக்கு வரும் குறியீட்டைப் போட்டதும் கணக்கு அப்படியே புது எண்ணுக்கு இடம் மாறும், குழுக்களும் கூடவே வரும். நடுவில் Notify contacts என்று ஒன்று கேட்கும். எல்லாருக்கும் சொல்லவா, சாட் செய்திருப்பவர்களுக்கு மட்டும் சொல்லவா, பொறுக்கியெடுத்த சிலருக்குச் சொல்லவா என்று நாம் தேர்ந்தெடுக்கலாம். அந்தப் பட்டியலில் நாம் இருந்தால், நம் பழைய சாட்டில் நடுவாக ஒரு சிறு வரி விழும்: இவர் எண்ணை மாற்றிவிட்டார், புது எண்ணுக்கு எழுதவோ சேமிக்கவோ இங்கே தட்டுங்கள் என்று. அந்தத் தேர்வை ஒருவர் செய்யாமல் விட்டாலும், அவர் இருக்கும் குழுக்களில் மட்டும் இந்த வரி தானாகவே வந்துவிடும்.

இந்த வரியை யாரும் தட்டச்சு செய்து அனுப்ப முடியாது, செயலியே போடுவது. பழைய எண்ணின் கணக்கைக் கையில் வைத்திருப்பவரால்தான் அதை வரவழைக்க முடியும். ஆகவே திடீரென்று ஒரு புது எண்ணிலிருந்து, சித்தப்பாவின் படத்தோடு, "தம்பி, இதுதான் என் புது நம்பர். அவசரமா பணம் வேணும், ஜிபே பண்ணு" என்று வந்தால் முதலில் அந்த சாட்டைப் பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது. படத்தை எங்கிருந்தும் எடுத்துக்கொள்ளலாம், நெளிகோட்டுப் பெயரும் அப்படித்தான். சித்தப்பாவின் பழைய சாட்டைத் திறந்து பார்க்க வேண்டும், பிறகு குடும்பக் குழுவை. எண் மாறிய வரி அங்கே இருக்கிறதா, அதிலுள்ள எண்ணும் இதுவும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். ஆனால் வரி இல்லை என்பதாலேயே மோசடி என்றும் சொல்லிவிட முடியாது. எங்கள் சித்தப்பா மாதிரிப் புதிதாகவே கணக்குத் தொடங்கியவர்களுக்கு எந்த வரியும் விழாது. அந்த இடத்தில் போன் போட்டுக் குரலைக் கேட்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. குரல் கேட்டாலும் சித்தியின் பெயரைக் கேட்டுவிடுவது நல்லது.

சரி, பழைய எண் கைமாறியது எனக்கு முன்னமே தெரிந்திருக்க வழி இருந்ததா? இருந்தது, நான்தான் கவனிக்கவில்லை. ஆடிப்பெருக்குக்கு அனுப்பிய படமும் தீபாவளி வாழ்த்தும் ஒற்றை டிக்கோடு நின்றிருந்தன. மாதக்கணக்கில் ஒற்றை டிக் என்றால் அந்தக் கணக்கை யாரும் திறக்கவில்லை, அல்லது நம்மைத் தடுத்துவிட்டார்கள். இரண்டாவது தடயம் அதற்குக் கீழேயே இருந்தது. பாதுகாப்புக் குறியீடு மாறியிருக்கிறது என்று ஒரு வரி. Account பகுதியில் Security notifications என்பதை இயக்கி வைத்தால்தான் இது வரும், நான் எப்போதோ இயக்கியிருந்தேன். அந்த எண்ணில் வாட்ஸ்அப் புதிதாக நிறுவப்பட்டால் இந்த வரி விழும். அதே ஆள் புதுப் போன் வாங்கினாலும் விழும் என்பதால் பெரும்பாலும் யாரும் சட்டை செய்வதில்லை. ஆனால் நீண்ட ஒற்றை டிக், பிறகு குறியீடு மாறிய வரி, பிறகு புதுப் படம் என்று மூன்றும் வரிசையாக வந்தால் எண் கைமாறிவிட்டது என்று கிட்டத்தட்ட முடிவே செய்துவிடலாம்.

எல்லாச் செயலியும் இப்படி இல்லை. டெலிகிராமில் கணக்கு எண்ணோடு கட்டுண்டதல்ல. எண்ணை மாற்றினாலும் அதே சாட் தொடரும். சிக்னல் இன்னும் கறார். எண்ணை மாற்றினால் மட்டுமல்ல, தன் பெயரை ஒருவர் மாற்றினால்கூட, இன்னதிலிருந்து இன்னதாக மாற்றினார் என்று சாட்டிலேயே எழுதிவிடும். எனக்கு இந்த வழிதான் பிடித்திருக்கிறது.

பொங்கல் மாலையே சித்தப்பாவின் புது எண்ணை அதே பெயரில் கூடுதலாகச் சேர்த்தேன். அது இன்னொரு குழப்பம். பட்டியலில் இரண்டு சித்தப்பா. இரண்டு சாட்டும் ஒன்றாகச் சேராது; பெயரைத் தட்டி உள்ளே போய் எண்ணைப் பார்த்தால்தான் எது எவர் என்று தெரியும். குடும்பக் குழுவிலும் பழைய எண் உறுப்பினராக இருந்தது. அக்காதான் அட்மின், அவளிடம் சொல்லி நீக்கச் சொன்னேன். கடைசியாக என் தொடர்புப் பட்டியலிலிருந்து பழைய எண்ணை அழித்துவிட்டு வாட்ஸ்அப்பைத் திறந்தேன். "சித்தப்பா" போய் வெறும் எண் நின்றது. தட்டி உள்ளே போனால் எண்ணுக்குக் கீழே "~ புல்லட் மணி". அதற்குள், சித்தப்பா மூன்று வருடமாக அனுப்பிய காலை வணக்கப் படங்களும், சித்தியின் ஆபரேஷன் நாளில் அவர் அனுப்பிய குரல்பதிவும் அப்படியே இருக்கின்றன.