படி சுருங்கினால் பிழை வளரும் இடம்

ஒரு சார்பின் வகைக்கெழுவைக் கணினியில் தோராயமாகக் காண எளிய வழி ஒன்று உண்டு. x என்ற புள்ளியில் சார்பின் மதிப்பைக் கணக்கிட வேண்டும். சற்றுத் தள்ளி x+h என்ற புள்ளியில் இன்னொரு மதிப்பைக் கணக்கிட வேண்டும். இரண்டின் வித்தியாசத்தை h ஆல் வகுக்க வேண்டும். கிடைப்பது, வளைகோட்டின் இரு புள்ளிகளை இணைக்கும் நேர்கோட்டின் சாய்வு. h சுழியை நெருங்க நெருங்க இந்தச் சாய்வு தொடுகோட்டின் சாய்வை நெருங்கும் என்பதுதான் பள்ளிப் பாடத்தில் வரும் வரையறை. h என்ற இந்த இடைவெளியைப் படி என்று அழைக்கலாம்.

தாளில் செய்யும் கணிதத்தில் படி எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது. கணினியில் இது ஓரளவு வரைக்கும்தான் உண்மை. ஓர் எல்லையைத் தாண்டியதும், படியைச் சுருக்கச் சுருக்க விடை கெட்டுக்கொண்டே போகும். அந்த எல்லை எங்கே இருக்கிறது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை ஒரே ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்த்தால் விளங்கிவிடும்.

சார்பு eˣ, புள்ளி x = 1 என்று வைத்துக்கொள்ளலாம். இதன் வகைக்கெழு அதே eˣ என்பதால் சரியான விடை முன்கூட்டியே தெரியும்: 2.7182818. கணக்கைக் கையாலேயே சரிபார்க்க வசதியாக, எட்டு இலக்கம் மட்டுமே வைத்துக்கொள்ளும் ஒரு கால்குலேட்டரில் இதைச் செய்வதாகக் கொள்வோம். ஒவ்வொரு மதிப்பும் தசமப் புள்ளிக்குப் பின் ஏழாம் இடத்தோடு முழுமையாக்கப்படும். படியை ஒவ்வொரு முறையும் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தால் கிடைப்பவை இவை:

```
h            f(1+h)       விடை
0.1          3.0041660    2.858842
0.01         2.7456010    2.73192
0.001        2.7210015    2.7197
0.0001       2.7185537    2.719
0.00001      2.7183090    2.72
0.000001     2.7182845    2.7
0.0000001    2.7182821    3
0.00000001   2.7182819    10
```

முதல் மூன்று வரிகளில் விடை ஒழுங்காக முன்னேறுகிறது. பிழை 0.14, பிறகு 0.014, பிறகு 0.0014 என்று ஒவ்வொரு முறையும் பத்தில் ஒன்றாகக் குறைகிறது. நான்காம் வரியில் பிழை சுமார் 0.0007. அங்கிருந்து நிலைமை தலைகீழாகிறது. ஏழாம் வரியில் 3, எட்டாம் வரியில் 10. இன்னும் ஒரு படி கீழே போனால் f(1+h), f(1) இரண்டும் 2.7182818 என்ற ஒரே எண்ணாகிவிடும். விடை வெறும் சுழி.

கடைசி வரியை அருகில் வைத்துப் பார்த்தால் நடந்தது என்னவென்று தெரியும். f(1+h) இன் உண்மையான மதிப்பு 2.7182818556, எட்டு இலக்கத்தில் அது 2.7182819. f(1) இன் மதிப்பு 2.7182818285; அது 2.7182818. இரண்டிலும் எட்டு இலக்கமும் சரியாகவே உள்ளன, கால்குலேட்டர் எங்கும் தவறவில்லை. ஆனால் கழித்ததும் முன்னால் உள்ள ஏழு இலக்கங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய், கடைசி இலக்கத்தில் உள்ள 1 மட்டும் மிஞ்சுகிறது. அந்த 1 பெரும்பாலும் முழுமையாக்கியதால் வந்தது. அதை 0.00000001 ஆல் வகுக்கும்போது அது பத்துக் கோடி மடங்காகப் பெருகி விடையாக நிற்கிறது. குற்றம் வகுத்தலில் இல்லை. ஏறக்குறைய சமமான இரு எண்களைக் கழித்ததில் இருக்கிறது. வகுத்தல் அந்த இழப்பை வெளியே காட்டுகிறது, அவ்வளவுதான்.

ஆக, விடையில் இரு வேறு பிழைகள் கலந்திருக்கின்றன. ஒன்று சூத்திரத்தின் பிழை: வளைகோட்டுக்குப் பதிலாக நேர்கோட்டை எடுத்துக்கொண்டதால் வருவது. டெய்லர் தொடரின்படி அது ஏறத்தாழ h/2 ஐ இரண்டாம் வகைக்கெழுவால் பெருக்கிய அளவு. இந்தக் கணக்கில் இரண்டாம் வகைக்கெழுவும் 2.718 தான் என்பதால் அது சுமார் 1.36h. மற்றொன்று முழுமையாக்கும் பிழை. ஏழாம் தசம இடத்தோடு நிறுத்தும்போது ஒவ்வொரு மதிப்பிலும் அதிகபட்சம் 0.00000005 பிழை வரலாம். இரண்டு மதிப்புகள் சேர்ந்தால் 0.0000001, அதை h ஆல் வகுத்தாக வேண்டும். முதல் பிழை h உடன் சேர்ந்து குறைகிறது, இரண்டாவது h குறையும்போது வளர்கிறது. இரண்டின் கூட்டுத்தொகை மிகக் குறைவாக இருக்கும் இடத்தைத்தான் தேட வேண்டும்.

இந்தச் சூத்திரத்துக்கு அந்த இடம் இரு பிழைகளும் சமமாகும் இடமே. 1.36h = 0.0000001/h என்று எழுதித் தீர்த்தால் h சுமார் 0.00027 என்று வரும். அட்டவணையில் இருப்பவற்றுள் அதற்கு அருகில் உள்ள படி 0.0001; மிகக் குறைந்த பிழையும் அங்கேதான் இருந்தது. இந்தச் சமன்பாடு சொல்லும் இன்னொரு செய்தியும் முக்கியமானது. h², எண்ணின் துல்லியத்துக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், நல்ல படி என்பது துல்லியத்தின் வர்க்கமூலத்தை ஒட்டியே அமையும். விடையில் தேறும் இலக்கங்களும் ஏறக்குறைய பாதிதான். எட்டு இலக்கம் வைத்துத் தொடங்கினால் நான்கு கிடைக்கும்.

இன்றைய கணினிகள் 1985இல் வெளியான ஐஇஇஇ 754 என்ற தரத்தின்படி எண்களை வைத்திருக்கின்றன. அதன் இரட்டைத் துல்லிய வடிவத்தில் 53 இரும இலக்கங்கள், அதாவது கிட்டத்தட்ட 16 தசம இலக்கங்கள் உண்டு. அதன் வர்க்கமூலம் என்றால் படி 10⁻⁸ ஐ ஒட்டி இருக்க வேண்டும். பைத்தான் பயனர்கள் அறிந்த `scipy.optimize.approx_fprime` என்ற கட்டளையில் படியைக் குறிப்பிடாவிட்டால் அது தானாக எடுத்துக்கொள்ளும் 1.49×10⁻⁸ என்ற விநோதமான எண் இந்த வர்க்கமூலத்திலிருந்தே வருகிறது. 10⁻¹⁵ போன்ற படியைக் கொடுத்துத் துல்லியம் கூடும் என்று எதிர்பார்ப்பவருக்கு, மேலே கண்ட 10 போன்ற விடையே கிடைக்கும்.

படியைச் சுருக்காமலேயே துல்லியத்தைக் கூட்ட வழி உண்டு: சூத்திரத்தை மாற்றுவது. x+h, x−h என இருபுறமும் மதிப்பெடுத்து, வித்தியாசத்தை 2h ஆல் வகுப்பது மைய வேறுபாட்டு முறை. இருபுறமும் சமச்சீராக இருப்பதால் டெய்லர் தொடரின் இரண்டாம் வகைக்கெழு உறுப்பு கழிந்துபோகிறது; சூத்திரப் பிழை h ஐ விட்டு h² ஐப் பின்பற்றுகிறது. அதனால் பெரிய படியே போதும், பெரிய படி என்பதால் முழுமையாக்கும் பிழையும் அடங்கியிருக்கும். அதே எட்டு இலக்கக் கால்குலேட்டரில் h = 0.004 என்று வைத்தால், 2.7291767 இலிருந்து 2.7074304 ஐக் கழித்து 0.008 ஆல் வகுக்க வேண்டும். விடை 2.7182875. பிழை 0.000006 மட்டுமே, முந்தைய முறையின் சிறந்த விடையைவிட நூறு மடங்குக்கும் மேல் மேம்பட்டது. இங்கே நல்ல படி துல்லியத்தின் கனமூலத்தை ஒட்டி அமையும். இரட்டைத் துல்லியத்தில் அது 10⁻⁵ ஐச் சுற்றி இருக்கும். முன்னோக்கு முறைக்குப் பழகியவர்கள் மைய முறைக்கும் அதே 10⁻⁸ படியை வைத்துவிட்டு, கிடைக்க வேண்டிய ஆதாயத்தை முழுவதுமாக இழப்பது அடிக்கடி நடக்கிறது.

இந்த விதிகளை அப்படியே எல்லா இடத்திலும் பொருத்த முடியாது. 10⁻⁸ என்பது x ஒன்றை ஒட்டிய அளவில் இருக்கும்போது பொருந்தும். x நூறு கோடியாக இருந்தால், இரட்டைத் துல்லியத்தில் அதற்கு அடுத்த எண்ணே சுமார் 0.00000012 தள்ளித்தான் இருக்கிறது. அதனுடன் 0.00000001 ஐக் கூட்டினால் எதுவும் மாறாது. X+h என்பது x தான், வகைக்கெழு சுழி என்று வரும். ஆகவே படியை x இன் அளவோடு பெருக்கிக்கொள்வது வழக்கம். x சுழியாக இருந்தால் படியும் சுழியாகிவிடும் என்பதால், அந்த மாறி வழக்கமாக எந்த அளவில் மாறும் என்பதைப் பார்த்து ஒரு குறைந்தபட்ச மதிப்பைத் தனியே வைக்க வேண்டும். 0.0001 போன்ற தசம எண்களை இருமத்தில் துல்லியமாக எழுத முடியாது என்பதால், உண்மையில் நகர்ந்த தூரத்தைக் கணக்கிட்டு அதனாலேயே வகுப்பதும் நல்லது:

```
xh = x + h
h = xh - x
```

இதைவிடப் பெரிய சிக்கல், சார்பின் மதிப்பே முழுத் துல்லியத்தோடு வராதபோது எழுகிறது. ஒரு பாலத்தின் வளைவையோ காற்றோட்டத்தையோ கணக்கிடும் நிரல், உள்ளுக்குள் திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டு ஆறு இலக்கம் நிலைத்ததும் நின்றுவிடும் வகையைச் சேர்ந்ததாக இருக்கலாம். திரையில் 16 இலக்கம் தெரிந்தாலும் நம்பக்கூடியவை ஆறுதான். அப்போது வர்க்கமூலம் எடுக்க வேண்டியது 10⁻¹⁶ க்கு அல்ல, 10⁻⁶ க்கு. படி ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில் இருக்க வேண்டும்.

சரியான விடை தெரியாத நிலையில் இதையெல்லாம் எப்படிக் கண்டறிவது? அட்டவணையின் கடைசி நிரலை மட்டும் வைத்துக்கொண்டு, அடுத்தடுத்த விடைகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைப் பார்த்தால் போதும். 0.127, 0.012, 0.0007, 0.001, 0.02, 0.3, 7 என்று அவை வரும். தொடக்கத்தில் ஏறத்தாழ பத்துப் பத்து மடங்காகக் குறைவது சூத்திரப் பிழை ஆட்சி செய்யும் பகுதி. குறைவது நின்று வளரத் தொடங்கியதும் முழுமையாக்கும் பிழை பொறுப்பேற்றுவிட்டது என்று பொருள். வித்தியாசம் மிகச் சிறியதாக இருக்கும் இடத்தை ஒட்டிய படியை எடுத்துக்கொள்ளலாம். மைய முறையில் இதே சரிவு நூறு மடங்காக இருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால், படி ஏற்கெனவே மிகச் சிறியதாகிவிட்டதா அல்லது சார்பு அந்த இடத்தில் வழவழப்பாக இல்லையா என்று பார்க்க வேண்டும்.

கழித்தல்தான் குற்றவாளி என்றால் கழிக்காமலேயே வகைக்கெழுவைக் காண முடியுமா? லைனஸ், மோலர் ஆகிய இருவர் 1967இல் கலப்பெண்களைக் கொண்டு எண்வழியில் வகைக்கெழு காணும் வழிகளை வெளியிட்டனர். அந்தச் சிந்தனையிலிருந்து எளிய ஒரு முறை பிறந்தது. படியை மெய் அச்சில் எடுக்காமல் கற்பனைத் திசையில் எடுத்து, f(x+ih) இன் கற்பனைப் பகுதியை h ஆல் வகுத்தால் வகைக்கெழு கிடைக்கும். கழித்தல் இல்லாததால் இலக்கங்கள் அடிபடுவதில்லை. H ஐ 10⁻²⁰ வரை சுருக்கினாலும் விடை கெடாது. ஆனால் நிரலின் ஒவ்வொரு வரியும் கலப்பெண்ணை ஏற்க வேண்டும், சார்பும் கலப்பெண் தளத்தில் வகையிடத்தக்கதாக இருக்க வேண்டும். தனி மதிப்பு எடுக்கும் இடமும், எது பெரியது என்று ஒப்பிடும் இடமும் உள்ளே இருந்தால் முறை பிசகிவிடும். நிரலைத் திறந்து திருத்த முடியாதபோதும், மதிப்புகள் கருவியில் அளந்து வந்தவையாக இருக்கும்போதும், முன்னோக்கு முறையும் மைய முறையும்தான் மிஞ்சுகின்றன. அங்கே படியின் அளவை மேலே கண்டவாறு தேடித்தான் ஆக வேண்டும்.