வீடு காலி செய்யும் நாளில் மீட்டர், சாவி, சுத்தம்

திருப்பதியிலோ சித்தூரிலோ வாடகை வீட்டைக் காலி செய்யப் போகிறீர்கள் என்றால், அட்வான்ஸ் குறையாமல் கைக்கு வர முதலில் கவனிக்க வேண்டியது கரண்ட் மீட்டர். மின் இணைப்பு பெரும்பாலும் வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். நீங்கள் போன பிறகு வரும் பில் அவரிடம்தான் வரும் என்பதால், உங்கள் கணக்கு எந்த எண்ணில் முடிந்தது என்பதற்கு இருவர் கையிலும் சாட்சி இருக்க வேண்டும்.

சாமான் ஏற்றி முடிந்து, ஃபேனும் லைட்டும் அணைத்த பிறகு ரீடிங் எடுங்கள். டிஜிட்டல் மீட்டரின் திரையில் தேதி, நேரம், வோல்டேஜ் என்று எண்கள் மாறிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் kWh என்று தெரியும் எண்தான் உங்களுக்கு வேண்டியது. மீட்டரின் சீரியல் நம்பரும் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள். ஒரே சுவரில் நாலைந்து மீட்டர் இருக்கும் காம்பவுண்டில் எது உங்களுடையது என்ற சந்தேகம் வரும். அப்படியானால் ஃபேனையும் லைட்டையும் அணைப்பதற்கு முன்பே உங்கள் போர்ஷனின் மெயினை ஆஃப் செய்து பாருங்கள். எந்த மீட்டரில் சிமிட்டும் சிவப்பு விளக்கு நிற்கிறதோ அதுதான். மெயினை அணைத்தும் எந்த மீட்டரின் சிமிட்டலும் நிற்காவிட்டால், பொது மோட்டாரோ மாடிப்படி லைட்டோ உங்கள் மீட்டரில் சேர்ந்திருக்கலாம். அதை அன்றைக்கே வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

பணத்தைப் பிரிப்பதில்தான் சிக்கல். பில் போட்ட அன்று ரீடிங் 4812, நீங்கள் கிளம்பும் நாளில் 4902 என்று வைப்போம். நீங்கள் எரித்தது 90 யூனிட். 2022-இல் வந்த வீட்டு உபயோக ஸ்லாப்படி முதல் 30 யூனிட்டுக்கு 1.90 ரூபாய், அடுத்த 45-க்கு 3 ரூபாய், அதற்கு மேல் 125 வரை 4.50 ரூபாய். மூன்றையும் கூட்டினால் 259.50 ரூபாய். அடுத்த பில்லுக்குள் புதிதாக வந்தவர்கள் 60 யூனிட் எரித்தால் மொத்தம் 150 ஆகும். 125-ஐத் தாண்டிய 25 யூனிட்டுக்கு 6 ரூபாய் விழுந்து, யூனிட் கட்டணம் மட்டும் 567 ரூபாய் வரும். உங்களிடம் 259.50 மட்டும் வாங்கினால், புதியவர் தன் 60 யூனிட்டுக்கு 307.50 கட்ட வேண்டும். அதே 60 யூனிட்டைத் தனியாக எரித்திருந்தால் அவருக்கு 147 ரூபாய்தான் வந்திருக்கும். எரித்த யூனிட் விகிதத்தில் பிரித்தால் உங்கள் பங்கு 340.20, அவர் பங்கு 226.80. எனக்கு இதுதான் நியாயமாகப் படுகிறது. பில் போடும் தேதியை ஒட்டிக் காலி செய்ய முடிந்தால் இந்தக் கணக்கே வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. ஆந்திராவில் பழைய மாதங்களில் எரித்த யூனிட்டுக்கு ட்ரூ-அப், எரிபொருள் சரிக்கட்டல் என்று பின்னால் ஒரு தொகை வசூலிப்பது உண்டு. அதை யார் கட்டுவது என்று கிளம்பும்போதே பேசி, வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்.

சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். வாசல் கதவு, கேட், மாடி, பீரோ அலமாரி என்று எத்தனை வாங்கினீர்களோ, நீங்கள் வெட்டிக்கொண்ட டூப்ளிகேட்டையும் சேர்த்து, எண்ணி நேரில் கொடுங்கள். சாவி கைமாறும் வரை வீடு உங்கள் வசம்தான் இருக்கிறது என்று வாடகையை நாள் கணக்கில் நீட்டுவார்கள். அதனால் கொடுத்த நாளையும் எண்ணிக்கையையும் எழுதி வையுங்கள்.

சுத்தத்துக்கு அளவு என்ன? 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆவது பிரிவு, வீட்டை வாங்கிய நிலையிலேயே திருப்பித் தரச் சொல்கிறது. ஆனால் புழங்கியதால் வரும் இயல்பான தேய்மானத்தை விலக்குகிறது. மங்கிய சுண்ணாம்பு தேய்மானம். அடுப்புச் சுவரில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கும், ஆணி பிடுங்கிய ஓட்டையும் அப்படியல்ல, அவற்றை நீங்கள்தான் சரிசெய்ய வேண்டும்.

கடைசி நாள் அவசரத்தில் ஆசிட் ஊற்றுவதுதான் பெரிய தவறு. போர் தண்ணீர் வரும் வீடுகளில் பாத்ரூம் டைல்ஸில் உப்புக் கறை படிந்திருக்கும். அதைப் போக்கக் கொண்டுவரும் ஆசிட், சமையலறை ஷெல்ஃபிலிருக்கும் கடப்பா கல்லில் பட்டால் போகாத வெள்ளைத் திட்டு விழும், ஏனென்றால் அது சுண்ணாம்புக் கல். மொசைக் தரையும் இப்படித்தான் பாழாகும், குழாயின் பளபளப்பும் போய்விடும். ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் மூச்சை அடைக்கும் குளோரின் வாயு கிளம்பும். அதற்குப் பதில் ஒரு வாரம் முன்பே வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ துணியை நனைத்து டைல்ஸில் மட்டும் ஒட்டி வைத்து, அரை மணி கழித்துத் தேய்த்துக் கழுவுங்கள். கடப்பா கல்லுக்கு அதுவும் ஆகாது, சோப்புத் தண்ணீர் போதும்.

எல்லாம் முடிந்ததும் காலி அறைகளை ஒவ்வொன்றாக வீடியோ எடுங்கள். குழாயைத் திறந்து சிங்க்கில் தண்ணீர் தேங்காமல் போவதும் அதில் தெரியட்டும்.