ஆயிரம் மின்னஞ்சல்களுக்கு நடுவே ஒன்று

கேட்காமலேயே சில மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான மின்னஞ்சல்கள் வந்து குவிந்தால், யாரோ வேடிக்கைக்குச் செய்த தொல்லை என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். அதே நேரத்தில் உங்கள் பெயரில் பணம் போய்க்கொண்டிருக்கலாம்.

ஆங்கிலத்தில் இதை சப்ஸ்கிரிப்ஷன் பாமிங் என்கிறார்கள். பூச்செடி விற்கும் கடை, பல்கலைக்கழகம், உள்ளூர்ச் செய்தித்தாள் என்று உலகெங்கும் லட்சக்கணக்கான இணையதளங்களில் 'எங்கள் செய்திமடலைப் பெற மின்னஞ்சல் முகவரி தருக' என்று ஒரு கட்டம் இருக்கும். அந்தக் கட்டங்களில் எல்லாம் ஒரு சிறு நிரல் உங்கள் முகவரியை இட்டுக்கொண்டே போகும். ஒவ்வொரு தளமும் 'பதிவு செய்ததற்கு நன்றி, உறுதிசெய்ய இங்கே சொடுக்கவும்' என்று பதில் அனுப்பும். ஜெர்மன், ரஷ்யன், போர்ச்சுக்கீசு என்று தெரியாத மொழிகளிலெல்லாம் அஞ்சல் வரும்.

ஸ்பேம் வடிகட்டி ஏன் தடுப்பதில்லை? தனித்தனியாகப் பார்த்தால் இவற்றில் எதுவுமே போலி இல்லை. நிஜமான நிறுவனம், தன் சொந்த சர்வரிலிருந்து, முறையான கையொப்பத்தோடு ஒரே ஒரு அஞ்சல்தான் அனுப்பியிருக்கிறது. வடிகட்டி தேடுவது மோசமான அனுப்புநரை. இங்கே அப்படி யாருமில்லை.

2016 ஆகஸ்டில் அமெரிக்க அரசின் .gov முகவரிகள் பல இப்படித் தாக்கப்பட்டன. இணையக் குற்றங்களைப் பற்றி எழுதும் பத்திரிகையாளர் பிரையன் கிரெப்ஸின் அஞ்சல் பெட்டியும் அப்போது நிரம்பி வழிந்தது. ஸ்பேமைக் கண்காணிக்கும் ஸ்பாம்ஹவுஸ் அமைப்பு, பதிவு செய்பவரிடம் உறுதி கேட்காமலேயே பட்டியலில் சேர்க்கும் நிறுவனங்களைக் கண்டித்தது. உறுதி கேட்கும் முறை வந்தால் அதற்குப் பிறகான செய்திமடல்கள் நிற்கும். ஆனால் உறுதி கேட்கும் அந்த முதல் அஞ்சலே இன்று திருடனுக்குப் போதுமானதாக இருக்கிறது. 'நான் ரோபோ அல்ல' என்று சோதிக்கும் படி அந்தக் கட்டத்தில் இருந்தால்தான் நிரலைத் தடுக்க முடியும். பல தளங்கள் இன்னும் அதை வைக்கவில்லை. இது அவற்றின் பொறுப்பின்மை.

திருடன் வேலை செய்யும் விதத்தை ஓர் உதாரணத்தில் பார்ப்போம். ஏதோ ஒரு தளத்திலிருந்து கசிந்த உங்கள் பாஸ்வேர்டு அவனிடம் இருக்கிறது. அதையே உங்கள் ஷாப்பிங் கணக்கிலும் வைத்திருக்கிறீர்கள். இரவு 11 மணிக்கு வெள்ளத்தைத் திறந்துவிடுகிறான். 11.20க்கு உங்கள் கணக்கில் நுழைந்து, சேமித்துவைத்த கார்டில் விலையுயர்ந்த போன் ஒன்றை ஆர்டர் செய்கிறான். 11.22க்குக் கடையின் ரசீதும் வங்கியின் எச்சரிக்கையும் வந்துசேர்கின்றன. அதற்குள் அவற்றின் மேல் நூற்றுக்கணக்கான 'நன்றி' அஞ்சல்கள் ஏறிவிட்டன. போன் கைமாறும்வரை நீங்கள் அந்த இரண்டு அஞ்சல்களையும் பார்க்கக் கூடாது. அவனுக்கு அவ்வளவுதான் வேண்டும்.

எஸ்எம்எஸ் வருமே என்று கேட்கலாம். வரும், அதைக் கட்டாயம் பாருங்கள். ஆனால் உங்கள் சிம்மையே அவன் கைப்பற்றியிருந்தால் அதுவும் உங்களை வந்துசேராது. கடைக் கணக்கு, ரிவார்டு புள்ளிகள் போன்ற பலவற்றுக்கு மின்னஞ்சல்தான் ஒரே தகவல் வழி.

எரிச்சலில் எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழிப்பதுதான் நம்மில் பலர் செய்யும் முதல் காரியம். அப்படிச் செய்தால் வங்கியின் எச்சரிக்கையும் சேர்ந்தே போய்விடும். ஒவ்வொன்றிலும் 'அன்சப்ஸ்கிரைப்' அழுத்திக்கொண்டு உட்காருவதும் வீண், நேரத்தைத் தின்றுவிடும். பெட்டியை அப்படியே விட்டுவிட்டு, வங்கிச் செயலியையும் ஷாப்பிங் கணக்குகளையும் நேராகத் திறந்து, கடைசிப் பரிவர்த்தனைகளைப் பாருங்கள். பிறகு மின்னஞ்சலில் தேடுங்கள். ஜிமெயிலில் என்றால், உங்கள் வங்கியின் பெயரைப் போட்டு இப்படி:

```
in:anywhere newer_than:2d வங்கியின்பெயர்
```

ஸ்பேம், குப்பைத் தொட்டி இரண்டையும் சேர்த்தே இது தேடும். order, OTP, password ஆகிய சொற்களையும் ஒவ்வொன்றாக இட்டுப் பாருங்கள். அமைப்புகளில் ஃபில்டர், ஃபார்வர்டிங் பகுதிகளில் நீங்கள் வைக்காத விதி ஏதாவது இருந்தால், திருடன் அஞ்சல் பெட்டிக்குள்ளேயே நுழைந்துவிட்டான் என்று பொருள். உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

தாமதத்துக்கு விலை உண்டு. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட விதிப்படி, தவறு வங்கியுடையதும் அல்ல, உங்களுடையதும் அல்ல என்றால், 3 வேலை நாட்களுக்குள் புகார் தந்தவருக்கு இழப்பு கிடையாது. 4 முதல் 7 நாட்கள் என்றால் இழப்பில் ஒரு பகுதி உங்கள் தலையில் விழும். இந்த நாட்கணக்கு வங்கியின் தகவல் உங்களுக்கு வந்ததிலிருந்து ஓடுகிறது, நீங்கள் அதைப் படித்ததிலிருந்து அல்ல. ஆகவே அஞ்சல் வெள்ளம் வந்த அன்றே கணக்கைச் சரிபாருங்கள். பணம் போயிருந்தால் வங்கிக்குச் சொல்லி கார்டை முடக்கிவிட்டு, 1930க்கு அழையுங்கள்.