ஜெர்சி முதுகில் எத்தனை எழுத்து கொள்ளும்?

1992 செப்டம்பர் 25, வெள்ளிக்கிழமை மாலை. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் அலுவலகம் முடிந்து வீடு திரும்பும் சைக்கிள்காரர்கள் ஐம்பது பேர் அளவில் ஒன்றுசேர்ந்து, தெருவை அடைத்தபடி ஓட்டிப் போனார்கள். கார்களுக்கே எழுதி வைத்துவிட்ட சாலையில் எங்களுக்கும் இடம் வேண்டும் என்பதுதான் அவர்கள் சொல்ல நினைத்தது. அந்தக் கூட்டத்துக்கு அவர்கள் வைத்த பெயர் ‘கம்யூட் க்ளாட்’. ஆபீஸ் நேரத்துச் சாலையில் ரத்தக்கட்டி மாதிரி அடைத்துக்கொண்டு நிற்பவர்கள் என்று பொருள். சொல்ல வந்தது சரிதான். ஆனால் ரத்தக்கட்டியாக இருக்க யார் ஆசைப்படுவார்கள்?

அதே ஆண்டு டெட் வைட் என்பவர் சைக்கிள்களைப் பற்றி எடுத்த ஆவணப்படத்தில், ஜார்ஜ் ப்ளிஸ் என்ற சைக்கிள் வடிவமைப்பாளர் சீனாவில் கண்டதை விவரித்திருந்தார். சிக்னல் இல்லாத சந்திப்புகளில் சைக்கிள்காரர்கள் ஓரமாகக் காத்திருப்பார்கள். ஆள் சேரச் சேரக் கூட்டம் பெருகும். போதுமான அளவு பெருகியதும் மொத்தமாகக் கிளம்பிவிடுவார்கள். வண்டிகள் தாமாக நின்று வழிவிடும். அந்த அளவை ப்ளிஸ், அணு இயற்பியலின் சொல்லைக் கடன் வாங்கி, ‘கிரிட்டிக்கல் மாஸ்’ என்றார். சான் பிரான்சிஸ்கோ கூட்டம் அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டது. பிறகு உலகின் பல நூறு நகரங்களில் அதே பெயரில் சைக்கிள் ஊர்வலங்கள் கிளம்பின. கூட்டத்தின் நோக்கத்தில் மாற்றமே இல்லை. பழைய பெயர் அது அடுத்தவருக்குத் தரும் தொல்லையைச் சொன்னது. புதிய பெயர் அது எப்படி இயங்குகிறது என்பதைச் சொன்னது.

இதில் கவனிக்க வேண்டியது, அந்தப் பெயரை யாரும் உட்கார்ந்து யோசித்துச் செய்யவில்லை என்பது. கூட்டம் ஏற்கெனவே செய்துகொண்டிருந்த வேலைக்குப் பொருத்தமான சொல் காதில் விழுந்தது, பிடித்துக்கொண்டார்கள். கோலாலம்பூரிலும் இதுதான் நடந்தது. 1938-இல் அங்கே வேலை பார்த்த பிரிட்டிஷ்காரர்கள் சிலர் மாலை நேரத்தில் காட்டுப்பாதைகளில் ஓடத் தொடங்கினார்கள். அவர்களில் பலர் சாப்பிட்டது சிலாங்கூர் கிளப்பின் உணவுக்கூடத்தில். சுமாரான சாப்பாடு என்பதால் அதற்குக் கேலியாக ‘ஹாஷ் ஹவுஸ்’ என்று பட்டப்பெயர். முயல் துரத்தும் வேட்டை நாய்களின் பெயரை அதோடு ஒட்டி ‘ஹாஷ் ஹவுஸ் ஹாரியர்ஸ்’ ஆக்கினார்கள். நாங்கள் ஓடுவோம், ஆனால் ஓட்டத்தை ரொம்பப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டோம், முடிந்ததும் கூடிச் சாப்பிடுவோம் என்ற மூன்று செய்தியும் அந்த மூன்று சொல்லில் அடங்கிவிட்டன. சுருக்கினால் ‘எச்3’. இன்று பல நாடுகளில் ஊர்ப் பெயரை முன்னால் சேர்த்து இதே பெயரில் ஓடுகிறார்கள்.

நம் ஊர்ப் பக்கம் புதிதாகத் தொடங்கும் சைக்கிள் குழுக்களும் மலையேற்றக் குழுக்களும் பெரும்பாலும் எதிர்த்திசையிலிருந்து வருகின்றன. ஊர்ப் பெயர் ஒன்று, பிறகு ‘பெடலர்ஸ்’, ‘ரைடர்ஸ்’, ‘ட்ரெக்கர்ஸ்’ இவற்றில் ஒன்று. கொஞ்சம் ஆவேசம் வேண்டுமென்றால் புலி, கழுகு, வீரர்கள். ஊரும் தொழிலும் சேர்ந்த பெயரில் தவறில்லை. தேடுபவருக்கு உடனே அகப்படும். ஆனால் ஒரே ஊரில் மூன்றாவது குழு முளைக்கும்போது யார் எவர் என்று தெரியாது. ஆவேசப் பெயரில் இருக்கும் சிக்கல் வேறு. புதிதாகச் சேர நினைப்பவர் பெயரை வைத்துத்தான் வேகத்தைக் கணிக்கிறார். ‘வீரர்கள்’ என்று பார்த்ததும், மணிக்குப் பதினைந்து கிலோமீட்டரில் ஓட்டி, பாதி வழியில் டீ குடிக்க நினைப்பவர் ஒதுங்கிக்கொள்வார். வேகம் தேடி வருபவரோ, முதல் ஞாயிறே டீக்கடையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, அடுத்த வாரம் வரமாட்டார்.

ஓர் எடுத்துக்காட்டை முழுதாகப் பார்க்கலாம். நாமக்கல்லில் பத்துப் பதினைந்து பேர், மாதம் ஒருமுறை கொல்லிமலைக்கு சைக்கிளில் ஏறுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே போகும் சாலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு எண் எழுதிய பலகை உண்டு. ஏறுகிறவர்கள் தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்வதில்லை. “முப்பத்தெட்டுல நிக்கிறேன், நீங்க போங்க” என்பார்கள். இந்தக் குழுவுக்குப் பெயர் வெளியே தேட வேண்டியதே இல்லை: ‘எழுபது கொண்டை ஊசி’.

வாட்ஸ்அப்பில் இது எப்படி நிற்கும்? குழுப் பெயருக்கு ஒரு காலத்தில் 25 எழுத்துதான் வரம்பு, இப்போது 100. கணினி எண்ணும் எழுத்து வேறு, நாம் எண்ணும் எழுத்து வேறு. ‘கொண்டை’ நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு ஆறு: க, ஒகரக் குறி, ண, புள்ளி, ட, ஐகாரக் குறி. ‘எழுபது கொண்டை ஊசி’ நம் கணக்கில் ஒன்பது எழுத்து. கணினிக்கு இடைவெளியோடு பதினேழு. பழைய வரம்புக்குள்கூட அடங்கியிருக்கும். ‘நாமக்கல் மாவட்ட மிதிவண்டி ஆர்வலர்கள் குழு’ அடங்கியிருக்காது.

வரம்பு நூறாகிவிட்டதே என்று நிம்மதியடைய முடியாது. உரையாடல் பட்டியலில் ஒரு வரியில் தெரிகிற அளவுதான் உண்மையான வரம்பு. தமிழ் எழுத்துகள் அகலமானவை என்பதால் ஆங்கிலத்தில் முழுதாகத் தெரியும் பெயர் தமிழில் பாதியில் வெட்டுப்படும். ‘நாமக்கல் மாவட்ட…’ என்று பார்க்கிறவருக்கு அது சைக்கிள் குழுவா, வணிகர் சங்கமா, சொந்தக்காரர்கள் குழுவா என்று தெரியாது. தன்னை அடையாளம் காட்டும் சொல் முதலில் வர வேண்டும். ஊர், மாவட்டம் எல்லாம் விளக்கக் குறிப்புக்குப் போகலாம். குழு வளர்ந்ததும் ஞாயிற்றுக்கிழமைக்குத் தனி, வெளியூர்ப் பயணத்துக்குத் தனி, ஒருங்கிணைப்பாளர்களுக்குத் தனி என்று கிளைக் குழுக்கள் முளைக்கும். அப்போது ‘எழுபது – ஞாயிறு’ என்று ஒட்டுப் போட மூலப்பெயர் சிறியதாக இருந்தால்தான் முடியும்.

இன்னொரு தொல்லை ழகரம். பலர் தங்கிலீஷில்தான் தேடுவார்கள். ezhupathu, elupathu, eluvathu என்று ஆளுக்கொரு விதமாகத் தட்டினால் குழு அகப்படாது. இந்த இடத்தில் எண் கை கொடுக்கிறது. ‘70 கொண்டை ஊசி’ என்று வைத்தால் 70 என்று தட்டினாலே போதும், எழுத்துப்பிழைக்கு வழியில்லை.

அடுத்தது துணி. சைக்கிள் ஜெர்சியின் முன்பக்கம் நடுவில் மேலிருந்து கீழ் வரை ஜிப். நெஞ்சுக்குக் குறுக்கே பெயர் அச்சிட்டால் நடு எழுத்தை ஜிப் இரண்டாக அறுக்கும். அந்த இடத்தில் ‘கொ’ விழுந்தால் கொம்பு ஒரு பக்கம், துணைக்கால் ஒரு பக்கம். வெயிலில் ஜிப்பைப் பாதி இறக்கினால் பெயர் இரண்டு பெயராகிவிடும். ஆகவே முன்னால் இடப்பக்க நெஞ்சில் சின்னதாக ஒன்று, பெரியது முதுகில் என்பதே வழக்கம். முதுகிலும் எங்கே வேண்டுமானாலும் போட முடியாது. கீழே மூன்று பைகள் இருக்கும். வாழைப்பழம், செல்போன், டியூப் எல்லாம் அங்கேதான் போகும். நிரம்பிய பையின் மேல் இருக்கும் எழுத்து புடைத்துக் கோணலாகும். தோள்பட்டைக்கு அருகே போட்டால், குனிந்து ஓட்டும்போது அது வானத்தைப் பார்க்கும். பின்னால் வருகிறவர் கண்ணில் படுவது பைக்கு மேலே, முதுகின் நடுப்பகுதி. அங்கே கிடைக்கும் அகலம் ஏறக்குறைய ஓரடிதான். ஒன்பது எழுத்தை ஒரே வரியில் அடைத்தால் ஒவ்வொன்றும் சிறுத்துப்போகும். ‘70’ என்று உள்ளங்கை அகலத்துக்குப் பெரிதாக ஒன்று, அதன் கீழே சிறிய எழுத்தில் ‘கொண்டை ஊசி’ என்றால், பின்னால் வரும் லாரி ஓட்டுநருக்கும் எண் தெரியும், டீக்கடையில் நிற்பவருக்குப் பெயரும் தெரியும்.

மலையேற்றக் குழுவுக்கு இதே கணக்கு தலைகீழ். முதுகை முழுதாகப் பை மறைத்துவிடும். அங்கே எவ்வளவு அழகாக அச்சிட்டாலும் காடு முடியும்வரை யாரும் பார்க்கப்போவதில்லை. பெயர் நெஞ்சிலோ சட்டைக் கையிலோ வர வேண்டும். பையின் தோள்பட்டைப் பட்டைகள் நெஞ்சின் இரு ஓரத்தையும் மறைப்பதால், இன்னும் குட்டையான பெயர்தான் பிழைக்கும். அதே கொல்லிமலையில் ஆகாயகங்கை அருவிக்கு இறங்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இருக்கின்றன. ‘ஆயிரம் படி’ என்று ஒரு நடைக் குழு பெயர் வைத்தால் சட்டைக் கையில்கூட அடங்கும்.

அச்சகத்தில் தமிழ் எழுத்துக்குத் தனி ஆபத்து உண்டு. ஜெர்சித் துணி பாலியஸ்டர். காகிதத்தில் அச்சிட்ட வடிவத்தைச் சூடான அழுத்தத்தில் துணிக்கு மாற்றும் சப்ளிமேஷன் முறையில்தான் வேலை நடக்கும். வடிவமைக்கும் மென்பொருளில் இந்திய எழுத்துகளுக்கான அமைப்பு இயங்கவில்லை என்றால் ‘கொ’வின் கொம்பு இடம் மாறி எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், அல்லது ஒரு புள்ளிவட்டம் முளைக்கும். தமிழ் படிக்கத் தெரியாத வடிவமைப்பாளர் கண்ணுக்கு அது பிழையாகவே தெரியாது. இதற்கு வழி, சரியாகத் தெரியும் கணினியில் பெயரை அடித்து, எழுத்தைக் கோட்டுருவமாக மாற்றி அனுப்புவது. அச்சகத்துக்காரர்களே “கர்வ்ஸ் பண்ணி அனுப்புங்க” என்பார்கள். ரொம்பத் தடித்த எழுத்துருவையும் தவிர்க்கலாம். ‘ண்’ணின் சுழிகளுக்குள் மை இறங்கி அடைத்துக்கொண்டால் தூரத்திலிருந்து கறுப்புக் கட்டியாகத்தான் தெரியும்.

இந்தப் பெயரிலும் குறை இல்லாமல் இல்லை. நாமக்கல், சேலம் தாண்டினால் எழுபது என்ன எழுபது என்று கேட்பார்கள். முதியோர் குழு என்று நினைப்பவரும் இருப்பார். நாளை இவர்களே வால்பாறைக்குப் போனால் அங்கே வளைவு நாற்பதுதான். ஒரு பாதையோடு, ஒரு பொருளோடு கட்டிய பெயருக்கு இந்தச் சிக்கல் எப்போதும் உண்டு. இங்கிலாந்தில் 1878-இல் ‘பைசைக்கிள் டூரிங் கிளப்’ என்று தொடங்கிய சங்கம், மூன்று சக்கர வண்டிக்காரர்களையும் சேர்க்க வேண்டி வந்தபோது ஐந்தே ஆண்டில் ‘சைக்கிளிஸ்ட்ஸ் டூரிங் கிளப்’ என்று பெயரை மாற்றியது. நாமக்கல்காரர்கள் அந்த அளவுக்குக் கவலைப்பட வேண்டாம். தங்கள் மலையைப் பிற மலைக்குக் கொண்டுபோவதில் ஒரு கெத்து இருக்கிறது.

எல்லாருக்கும் ஆர்டர் கொடுக்கும் முன் ஒரே ஒரு ஜெர்சி மட்டும் தைத்து வாங்குவது நல்லது. குழுவிலேயே கொஞ்சம் தொப்பை உள்ளவர் அதைப் போட்டுக்கொண்டு, மூன்று பையையும் நிரப்பி, சைக்கிளில் குனிந்து உட்கார வேண்டும். இழுபடும் துணியில் எழுத்து எப்படி விரிகிறது என்று அப்போதுதான் தெரியும். பத்தடி தள்ளிப் பின்னாலிருந்து ஒரு படம் எடுத்து, வெளியூர் நண்பர் ஒருவருக்கு அனுப்பி வாசிக்கச் சொல்ல வேண்டும். “எழுபது கொண்டை ஊசியா, கொல்லிமலையா?” என்று பதில் வந்தால் மீதியைத் தைக்கச் சொல்லலாம். “யாருக்குப்பா எழுபது வயசு?” என்று வந்தால், கீழே இருக்கும் ‘கொண்டை ஊசி’யை இன்னும் கொஞ்சம் பெரிதாக்க வேண்டும்.