‘பொருந்தாது’ என்று எழுதுமுன்

ஒரு கம்பெனியின் ஆண்டுக் கணக்கைப் புரட்டினால் பேலன்ஸ் ஷீட் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும், லாப நட்டக் கணக்கும் ஒரு பக்கம்தான். அதன்பின் வரும் முப்பது நாற்பது பக்கங்களும் குறிப்புகள். கடன் எந்த வங்கியில், எந்தச் சொத்தை ஈடாக வைத்து வாங்கப்பட்டது, இயக்குநர்களுக்கு என்ன போனது, எந்த வரி வழக்கு நிலுவையில் இருக்கிறது என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். முன்பக்கத் தொகை எவ்வளவு நம்பத்தக்கது என்று சொல்வதும் இந்தக் குறிப்புகள்தான்.

எதையெல்லாம் குறிப்பில் சொல்ல வேண்டும் என்பது கம்பெனியின் விருப்பம் இல்லை. நம் நாட்டில் கம்பெனிகள் சட்டம் 2013-இன் மூன்றாம் அட்டவணை ஒரு பட்டியல் தருகிறது. 2021 மார்ச்சில் வந்த திருத்தம் அதை இன்னும் நீட்டியது: சப்ளையர்களுக்குத் தர வேண்டிய பணம் எத்தனை காலமாக நிற்கிறது, சொத்துப் பத்திரங்கள் கம்பெனியின் பெயரில்தான் உள்ளனவா, வங்கிக்குக் காலாண்டுதோறும் கொடுத்த கையிருப்பு விவரம் கணக்குப் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று பலவும் சேர்ந்தன. கணக்கியல் தரநிலைகள் தம் பங்குக்குச் சில கேட்கின்றன. குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டம் தனியாகச் சில கேட்கிறது. இவை எல்லாவற்றையும் கேள்விகளாக மாற்றி ஓரிடத்தில் வைத்திருப்பதுதான் செக்லிஸ்ட். நூற்றுக்கணக்கான கேள்விகள் இருக்கும். ஆடிட்டர் கையெழுத்துப் போடுவதற்கு முன் யாராவது ஒருவர் உட்கார்ந்து, ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே ஆம், இல்லை, பொருந்தாது என்று மூன்றில் ஒன்றை எழுத வேண்டும்.

இந்த மூன்றில் ‘இல்லை’ என்ற பதிலால் தொல்லை குறைவு. ஒரு குறிப்பு விடுபட்டிருக்கிறது என்று தெரிந்துவிட்டது, எழுதிச் சேர்த்தால் தீர்ந்தது. ஆபத்து மற்ற இரண்டில் இருக்கிறது.

‘ஆம்’ என்று வெறும் டிக் அடித்தால் அந்தப் பெயரில் ஒரு குறிப்பு இருக்கிறது என்று மட்டுமே பொருள். அதில் உள்ள தொகை சரியா, சட்டம் கேட்ட எல்லாமே அதில் வந்துவிட்டனவா என்பதை டிக் சொல்லாது. டிக்குக்குப் பதிலாகக் குறிப்பின் எண்ணையும் பக்கத்தையும் எழுதச் சொன்னால் நிலைமை மாறும். எழுதுபவர் அந்தப் பக்கத்தைத் திறந்தாக வேண்டும். திறந்தால் கண்ணில் படும்.

‘பொருந்தாது’ இன்னும் எளிதாகக் கையில் வந்துவிடும் பதில். உறவுடைய தரப்பினருடன் கொடுக்கல் வாங்கல் உண்டா என்று கேள்வி. அப்படி எதுவும் இல்லையே என்று நினைத்துக்கொண்டு பொருந்தாது என்று எழுதிவிடலாம். ஆனால் அது நினைவிலிருந்து சொல்லும் பதில். லெட்ஜரைப் பார்த்தால் நிர்வாக இயக்குநரின் சம்பளம் மற்ற ஊழியர்களின் சம்பளத்தோடு ஒரே தலைப்பில் கலந்து கிடக்கும். அலுவலகக் கட்டடத்தின் வாடகை அவருடைய மனைவியின் வங்கிக் கணக்குக்குப் போயிருக்கும். இரண்டுமே கணக்கியல் தரநிலை 18-இன்படி பெயரும் தொகையும் சொல்லி வெளியிட வேண்டியவை. ஆகவே ‘பொருந்தாது’ என்று எழுதினால் எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறோம் என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். இந்தக் கேள்விக்கு அது, இயக்குநர்கள் ஆண்டுதோறும் தங்கள் ஈடுபாடுகளை எழுதிக் கொடுக்கும் எம்பிபி-1 படிவமும் சம்பள, வாடகை லெட்ஜர்களும். சான்று காட்ட முடியாத ‘பொருந்தாது’ பதிலை நான் ஏற்றுக்கொள்வதில்லை, விடை தெரியாத கேள்வியாகவே எண்ணுகிறேன்.

குறிப்புகள் முழுமையாக இருக்கின்றனவா என்பது பாதி வேலைதான். அவை ஒன்றுக்கொன்றும், முன்பக்கக் கணக்கோடும் ஒத்துப்போகின்றனவா என்பது மறுபாதி. இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

கோயம்புத்தூரில் பம்பு தயாரிக்கும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். 2024 மார்ச் 31-இல் முடிந்த ஆண்டின் வரைவுக் கணக்கு மேசையில் இருக்கிறது. பேலன்ஸ் ஷீட்டில் சப்ளையர்களுக்குத் தர வேண்டியது இரண்டு வரிகளாக இருக்கிறது: குறு, சிறு தொழில்களுக்கு 42 லட்சம் ரூபாய், மற்றவர்களுக்கு 3 கோடியே 18 லட்சம். செக்லிஸ்ட் முதலில் கேட்பது, இப்படி இரண்டாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார்களா என்று. ஆம். அடுத்த கேள்வி, எத்தனை காலமாக நிலுவை என்ற பட்டியல் தரப்பட்டுள்ளதா. ஆம், குறிப்பு 8. மூன்றாவது, 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு கேட்கும் விவரங்கள் உண்டா, அதாவது தாமதத்துக்காகச் சப்ளையருக்குச் சேர வேண்டிய வட்டி எவ்வளவு என்ற விவரம். அதற்கும் ஆம், குறிப்பு 27. வட்டி: ஏதுமில்லை.

மூன்று கேள்விக்கும் ஆம். செக்லிஸ்ட்டைப் பொறுத்தவரை எல்லாம் நிறைவு. இப்போது குறிப்பு 8-ஐயும் குறிப்பு 27-ஐயும் அருகருகே வைத்துப் படியுங்கள்.

குறிப்பு 8-இல் குறு, சிறு தொழில்களின் வரிசையில் கூட்டுத்தொகை 42 லட்சம்; முன்பக்கத்தோடு சரியாக இருக்கிறது. ஆனால் அதில் 9 லட்சம் ‘ஒன்று முதல் இரண்டு ஆண்டுகள்’ என்ற கட்டத்தில் நிற்கிறது. கொடுக்க வேண்டிய தேதி கடந்து ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டது என்று கம்பெனியே எழுதித் தருகிறது. சட்டமோ எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள், ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகாமல் பணம் தர வேண்டும் என்கிறது. தாமதமானால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. அந்த நிதியாண்டு முழுவதும் அந்த விகிதம் 6.75 சதவீதம். மூன்று மடங்கு 20.25. மாதக் கூட்டு வட்டியாகப் போட்டால் ஆண்டுக்கு ஏறக்குறைய 22.2 சதவீதம் வருகிறது. 9 லட்சத்துக்கு அந்த ஓராண்டுக்கு மட்டும் சுமார் 2 லட்சம் ரூபாய். குறிப்பு 27 ‘ஏதுமில்லை’ என்கிறது.

இரண்டு குறிப்புகளும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க வழியில்லை. ஆனால் எது தவறு என்று இந்த இடத்தில் முடிவு கட்டிவிடக் கூடாது. அவசரப்பட்டு வட்டியைச் சேர்த்துவிடுவதும் பிழையாகலாம். அந்த சப்ளையரின் லெட்ஜரையும் பில்லையும் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

பணம் உண்மையிலேயே கொடுக்கப்படாமல் இருந்தால் வட்டி கணக்கில் ஏற வேண்டும். அல்லது, பணம் எப்போதோ போய்விட்டிருக்கலாம். ‘சப்ளையர்களுக்கு முன்பணம்’ என்ற தலைப்பில் எழுதப்பட்டு, பில்லோடு நேர் செய்யப்படாமல் கிடக்கலாம். நடைமுறையில் இது அடிக்கடி நடப்பது. அப்படியென்றால் வட்டி கிடையாது, ஆனால் பேலன்ஸ் ஷீட்டில் சொத்து, பொறுப்பு இரண்டு பக்கமும் 9 லட்சம் வீங்கியிருக்கிறது. அந்த சப்ளையர் உற்பத்தியாளராக இல்லாமல் வெறும் வியாபாரியாக இருந்து, உத்யம் பதிவைப் பார்த்ததும் சிறு தொழில் என்று குறித்திருக்கவும் கூடும். வியாபாரிகளுக்கு இந்தத் தாமத வட்டிப் பாதுகாப்பு இல்லை, ஆகவே அந்தத் தொகை ‘மற்றவர்கள்’ வரிக்குப் போக வேண்டும். சரக்கின் தரம் பற்றித் தகராறு நடக்கிறதென்றால் ‘தகராறில் உள்ளவை’ என்ற தனி வரிசையில் காட்ட வேண்டும், வட்டி குறித்தும் ஒரு முடிவு எடுக்க வேண்டும்.

ஒரே முரண்பாடு, நான்கு விளக்கங்கள், ஒவ்வொன்றுக்கும் திருத்த வேண்டிய இடம் வேறு. செக்லிஸ்ட் இதில் எதையும் கண்டுபிடித்துத் தராது. இரண்டு குறிப்புகளைச் சேர்த்துப் படித்த கண்தான் கண்டுபிடித்தது.

விசாரித்ததில் பணம் உண்மையிலேயே நிலுவை என்று தெரிகிறது என்று கொள்வோம். 2 லட்சத்தைக் குறிப்பு 27-இல் எழுதிவிட்டால் முடிந்ததா? அந்த வட்டி நிதிச் செலவுக் குறிப்பில் ஏற வேண்டும், நடப்புப் பொறுப்புகளில் ஏற வேண்டும், லாபத்திலிருந்து கழிய வேண்டும். பங்கு ஒன்றுக்கான வருமானம் மாறும். பணவரவு அறிக்கையில் தொடங்கும் லாபத்தின் தொகையும் மாறும். விகிதங்கள் குறிப்பில் நடப்பு விகிதம் நகரும். வருமான வரிக்கு மட்டும் இந்த வட்டியைச் செலவாகக் கழிக்க முடியாது, சட்டத்தின் 23-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. லாபம் குறைகிறதே என்று வரியையும் சேர்த்துக் குறைத்துவிட்டால் அது புதிய பிழை. இதனால்தான் திருத்தம் நடந்தபின், கடைசி வரைவில் கூட்டல்களையும் குறுக்கு எண்களையும் மறுபடி ஒருமுறை ஒப்பிட்டாக வேண்டும். முந்தைய வரைவில் சரிபார்த்த செக்லிஸ்ட் அச்சுக்குப் போகும் வரைவுக்குச் சான்றாகாது.

இதே வகையில் இணைத்துப் படிக்க வேண்டிய ஜோடிகள் வேறு சில உண்டு. தேய்மானம் லாப நட்டக் கணக்கிலும் நிலையான சொத்துக் குறிப்பிலும் பணவரவு அறிக்கையிலும் ஒரே தொகையாக இருக்க வேண்டும். ஆடிட்டர் தன் அறிக்கையின் பின்னிணைப்பில் பட்டியலிடும் வரி வழக்குத் தொகை, எதிர்பாராப் பொறுப்புகள் குறிப்போடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால், மேல்முறையீட்டுக்காக முன்கூட்டியே கட்டிய பணத்தை ஓரிடத்தில் கழித்து இன்னோரிடத்தில் கழிக்காமல் விட்டிருப்பது காரணமாக இருக்கலாம். அதற்கு ஒரு வரி விளக்கம் போதும்.

செக்லிஸ்ட் கேட்காத கேள்வி ஒன்றும் இருக்கிறது: தேவையில்லாதது எதுவும் உள்ளே இருக்கிறதா? போன வருடக் கோப்பை அப்படியே எடுத்து எண்களை மட்டும் மாற்றும் பழக்கத்தால் ஏற்றுமதியே செய்யாத கம்பெனியின் கணக்கில் அந்நியச் செலாவணிக் கொள்கை பற்றி நீண்ட பத்தி வந்துவிடுகிறது. ஒரு குறிப்பின் தலைப்பில் ‘மார்ச் 31, 2023’ மாறாமல் நிற்கிறது. இப்படி ஒரு பழைய தேதி கண்ணில் பட்டால் அந்தக் குறிப்பு முழுவதையும் இந்த ஆண்டு யாரும் படிக்கவில்லை என்றே எடுத்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து சோதிக்க வேண்டும். ஒப்பீட்டுக்குத் தரும் போன வருட எண்களையும் போன வருடம் கையெழுத்தான கணக்கோடு வைத்துப் பார்க்க வேண்டும். மாற்றி வகைப்படுத்தியிருந்தால் அதைச் சொல்லியாக வேண்டும்.

இந்த வேலையைக் குறிப்புகளை எழுதியவரே செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. எழுதியவருக்குத் தான் எழுத நினைத்ததுதான் தெரியும், தாளில் இருப்பது தெரியாது. அதே அலுவலகத்தில், அந்தக் கணக்கில் கை வைக்காத இன்னொருவரிடம் அரை நாள் கொடுத்தால் போதும்.

நீங்கள் சிறு தொழில் நடத்துபவராக இருந்து, ஒரு கம்பெனி உங்களுக்குப் பணம் தராமல் இழுத்தடித்தால் ஒன்று செய்யலாம். கம்பெனிகள் பதிவாளரிடம் தாக்கல் செய்யும் ஆண்டுக் கணக்கை, கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் கட்டணம் கட்டி யாரும் பார்க்க முடியும். அதில் நிலுவைப் பட்டியலையும் 22-ஆம் பிரிவுக் குறிப்பையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். உங்கள் பில் முந்தைய மார்ச்சுக்கு முன்பே கெடு தாண்டியிருந்து, வட்டி ‘ஏதுமில்லை’ என்று அங்கே எழுதியிருந்தால், அந்தப் பக்கத்தை நகலெடுத்து வைத்துக்கொண்டு அவர்களிடம் எழுத்து மூலம் விளக்கம் கேளுங்கள்.