எந்த வெள்ளை?

டொயோட்டா இன்னோவா கிரிஸ்டா இந்தியாவில் விற்கப்பட்ட வெள்ளைகளில் இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒன்று சூப்பர் ஒயிட், மற்றொன்று ஒயிட் பேர்ல் கிரிஸ்டல் ஷைன். சாலையில் கடந்து போகும்போது இரண்டுக்கும் வேறுபாடு சொல்வது கஷ்டம். ஆனால் நெடுஞ்சாலையில் முன்னே போன லாரியின் டயரிலிருந்து தெறித்த கல் பானெட்டின் ஓரத்தில் கடுகளவு பெயின்டைப் பெயர்த்துவிட்டால், வண்டி எந்த வெள்ளை என்பது உடனே தெரிந்தாக வேண்டும். பெயின்ட் கடையில் போய் “வெள்ளை இன்னோவாவுக்கு டச்சப் வேணும்” என்று கேட்டால், விவரமான கடைக்காரர் “நம்பர் பார்த்துட்டு வாங்க சார்” என்று திருப்பி அனுப்புவார். எதையோ ஒரு வெள்ளையை எடுத்து நீட்டுகிற கடையைவிட இந்தக் கடை நல்லது.

அவர் கேட்கும் நம்பர் வண்டியிலேயே இருக்கிறது. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் சீட் பெல்ட் தொங்கும் தூண் தெரியும். அதன் கீழ்ப்பகுதியில் ஒரு ஸ்டிக்கரோ உலோகத் தகடோ இருக்கும். அங்கே இல்லையென்றால் பானெட்டைத் தூக்கி, எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தடுப்புச் சுவரைப் பார்க்க வேண்டும். மாடல், சேஸிஸ் எண், எஞ்சின் என்று வரிசையாக நிறைய எழுத்துகள் இருக்கும். டொயோட்டா தகடுகளில் தேட வேண்டியது C/TR என்று தொடங்கும் வரி. சில தகடுகளில் COLOR, TRIM என்றே இருக்கும்.

அந்த வரி 040/FA20 என்பது போல இருக்கும். சாய்கோட்டுக்கு இடப்பக்கம் உள்ள மூன்றெழுத்துதான் வெளி வண்ணம். வலப்பக்கத்தில் இருப்பது சீட், உள் அலங்காரம் ஆகியவற்றுக்கான குறி. அவசரத்தில் முழு வரியையும் படித்துச் சொல்லிவிட்டு, “இப்படி ஒரு கலரே இல்லையே” என்ற பதிலோடு திரும்புகிறவர்கள் உண்டு. பக்கத்தில் A/TM என்று ஒரு வரி இருந்தால் அதையும் விட்டுவிடலாம், அது ஆக்ஸிலையும் கியர்பாக்ஸையும் பற்றியது.

040 என்றால் சூப்பர் ஒயிட். 070 என்றால் ஒயிட் பேர்ல் கிரிஸ்டல் ஷைன். எடுத்தது சரியான எழுத்துகள்தானா என்று சோதிக்க ஒரு வழி இருக்கிறது. டொயோட்டா குறிகளின் முதல் எண் பெரும்பாலும் வண்ணக் குடும்பத்தைச் சொல்லும்: 0 வெள்ளை, 1 சில்வரும் சாம்பலும், 2 கறுப்பு, 3 சிவப்பு, 4 பழுப்பு, 8 நீலம். சிவப்பு வண்டியின் தகட்டில் 8-இல் தொடங்கும் எண்ணைக் குறித்து வந்திருந்தால், தவறான வரியைப் படித்திருக்கிறோம் அல்லது வண்டி பிறகு நிறம் மாறியிருக்கிறது.

தகடு அழுக்கேறியிருந்தால் ஈரத்துணியால் துடைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படிக்க வேண்டும். நேராக ஃபிளாஷ் அடித்துப் படமெடுத்தால் உலோகம் பளீரென்று எரிந்து எழுத்து மறைந்துவிடும். 8 என்பதும் B என்பதும் ஒன்றுபோலத் தெரியும், கவனம். ஆர்.சி. புத்தகத்தில் ‘கலர்’ என்ற இடத்தில் வெறும் பெயர்தான் இருக்கும், குறி இருக்காது. பதினேழு இலக்கச் சேஸிஸ் எண்ணுக்குள்ளும் நிறம் எழுதப்படவில்லை. ஆனால் அந்த எண்ணைக் கொடுத்தால் ஷோரூமின் உதிரிபாகப் பிரிவு கம்ப்யூட்டரில் தேடிக் குறியைச் சொல்லும். தகடு தேய்ந்துபோனவர்களுக்கு அதுதான் வழி.

குறியோடு கம்பெனி பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும். டொயோட்டாவில் 040 வெள்ளை, மெர்சிடிஸ் பென்ஸில் அதே 040 கறுப்பு! ஹோண்டா NH-731P என்ற பாணியில் எழுதுகிறது. கடைசி P வந்தால் பேர்ல், M வந்தால் மெட்டாலிக். ஃபோக்ஸ்வாகன் கார்களில் ஸ்டிக்கரை டிக்கியில், ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தின் அருகே தேட வேண்டும்.

மறுபடி நம் இரண்டு வெள்ளைகளுக்கு வருவோம். 040 சாதாரண வெள்ளை, மினுமினுப்புத் துகள் எதுவும் இல்லாதது. பிரஷ் மூடியுள்ள சின்னப் பாட்டில் ஒன்றே இதற்குப் போதும். 070 அப்படியல்ல, அது மூன்றடுக்கு வேலை. முதலில் ஒரு வெள்ளை அடிப்பூச்சு, அதன்மேல் மைக்கா கலந்த, ஒளி ஊடுருவும் பூச்சு, அதற்கும் மேல் கிளியர் கோட். வெயில் படும்போது முத்துப்போலத் தெரிவது நடு அடுக்கின் வேலை. ஆகவே 070 வண்டியில் 040-ஐத் தடவினால் சுண்ணாம்புப் பொட்டு வைத்ததுபோல நிற்கும். 070-க்கு அடிப்பூச்சும் நடுப்பூச்சும் தனித்தனியாக வேண்டும். ஒரே பாட்டிலில் தருகிறார்கள் என்றால், கிட்டத்தட்டப் பொருந்தும் என்ற அளவில்தான் எதிர்பார்க்கலாம்.

சரியான குறியோடு வாங்கினாலும் அப்படியே அச்சாகப் பொருந்தும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. ஒரே குறிக்குள்ளேயே தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை, ஆண்டுக்கு ஆண்டு சிறு வேறுபாடு வருகிறது. அதனால்தான் பெயின்ட் கம்பெனிகள் ஒரு குறிக்குப் பல மாற்றுக் கலவைகளை வைத்திருக்கின்றன. மிக்ஸிங் கடையில் அவற்றின் மாதிரி அட்டைகளை வண்டியின் மேல் வைத்துப் பார்த்து நெருக்கமானதைத் தேர்ந்தெடுக்கலாம். இதை மரநிழலில், பகல் வெளிச்சத்தில் செய்ய வேண்டும். கடைக்குள் டியூப் லைட்டில் ஒத்துப்போன நிறம் வெளியே வந்ததும் முகம் மாறும். பத்து வருடம் வெயிலில் நின்ற வண்டி என்றால் தொழிற்சாலை நிறமும் வண்டியின் நிறமும் எப்படியும் கொஞ்சம் விலகித்தான் இருக்கும். பம்பர் பிளாஸ்டிக்கால் ஆனது, பெரும்பாலும் தனியாகப் பெயின்ட் அடிக்கப்படுவது. அதை வைத்து ஒப்பிடாமல், சேதமான பாகத்தையே வைத்து ஒப்பிடுவது நல்லது.

மெட்டாலிக் நிறங்களில் இன்னொரு வம்பு இருக்கிறது. அலுமினியத் துகள்கள் ஸ்ப்ரேயில் படியும் விதம் வேறு, பிரஷில் படியும் விதம் வேறு. அதனால் அதே பெயின்டே பிரஷால் தடவிய இடத்தில் சற்றுக் கறுத்துத் தெரியும். பாட்டிலுக்குள் உள்ள குண்டு கலகலக்கும்படி இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்கினால் ஓரளவு குறையும், முழுக்கப் போகாது. உள்ளங்கை அகலச் சிராய்ப்புக்கு டச்சப் பாட்டில் ஏற்றதல்ல, அது ஸ்ப்ரே அடிக்கிறவர் வேலை.

பானெட்டில் உள்ள அந்தக் கடுகளவுப் புள்ளியை இப்படிச் சரிசெய்யலாம். மெழுகும் எண்ணெயும் போக ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். உள்ளே துரு தெரிந்தால் சுரண்டிவிட்டு, பிரைமரை ஒரு பொட்டு வைத்துக் காயவிட வேண்டும். பெயின்டைக் கெட்டியாக ஒரே தடவையில் நிரப்பாமல், தீப்பெட்டிக் குச்சியின் கூரான முனையில் தொட்டு, மெல்லிய அடுக்குகளாக, ஒன்று காய்ந்த பிறகு அடுத்தது என்று வைக்க வேண்டும். பாட்டிலோடு வரும் பிரஷ் இந்த அளவுக்குப் பெரியது, சுற்றிலும் ஈஷிவிடும். கொதிக்கும் பானெட்டில் வேலை செய்தால் பெயின்ட் பரவுவதற்குள் இறுகிவிடும், ஆகவே நிழலில் நிறுத்தி ஆறவிட்ட பிறகே தொடங்கலாம். கிளியர் கோட் உள்ள நிறமென்றால் கடைசியில் அதுவும் ஒரு பொட்டு.

வாங்கிய பாட்டிலை நேராக வண்டியில் வைக்கவும் வேண்டாம். ஒரு வெள்ளை அட்டையில் தடவி, முழுதாகக் காய்ந்த பிறகு பானெட்டோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஈரத்தில் தெரியும் நிறம் காய்ந்தபின் மாறுகிறது.

பழைய வண்டி வாங்கியவர்களுக்குத் தகடே தவறான பதில் சொல்லலாம், ஏனென்றால் அது சொல்வது வண்டி தொழிற்சாலையை விட்டு வந்த அன்றைய நிறத்தை மட்டும்தான். நடுவில் யாராவது முழு பெயின்ட் அடித்திருந்தால் தெரியும் இடங்கள் சில உண்டு: கதவு ரப்பர் பீடிங்கின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் பெயின்ட் துளிகள், டிக்கி மேட்டுக்கு அடியில் தெரியும் வேறு நிறம், கதவு மூடும் இடுக்கில் மங்கும் எல்லைக்கோடு. அப்படிப்பட்ட வண்டிக்கு எரிபொருள் நிரப்பும் இடத்தின் சின்ன மூடியைக் கழற்றி மிக்ஸிங் கடைக்கு எடுத்துச் செல்லலாம். கருவி இருக்கும் கடை என்றால் அந்த மூடியை அளந்து, அதற்கு நெருக்கமான கலவையைத் தரும்.